தீபாவளிப் பெட்டிக்குக் கடைசி நாள் எது?

“தீபாவளி ஸ்பெஷல் கிஃப்ட் பாக்ஸ். அழகான பேக்கிங். தீபாவளிக்கு முன் டெலிவரி. ஆர்டருக்கு முந்துங்கள்.” அக்டோபர் பிறந்தால் வாட்ஸ்அப் குழுக்களிலும் இன்ஸ்டாகிராமிலும் இப்படி நூறு அறிவிப்புகள் வரும். பெரிய கடைகளும் போடுகின்றன. வீட்டில் பலகாரம் செய்து விற்கும் பெண்களும் போடுகிறார்கள். இந்த நான்கு வரிகளில் வாங்குகிறவருக்கு உபயோகமான செய்தி ஒன்றுகூட இல்லை. யாருக்குக் கொடுக்கும் பெட்டி? உள்ளே என்ன, எத்தனை கிராம்? எந்தத் தேதிக்குள் பணம் கட்டினால் எந்தத் தேதிக்குள் கையில் கிடைக்கும்?

ஒரு பரிசு அறிவிப்பில் மூன்று விவரங்கள் கட்டாயம் இருக்க வேண்டும்: என்ன விசேஷத்துக்கு, எப்படிப்பட்ட பெட்டியில், எந்த நாளுக்குள் சொல்ல வேண்டும். தனித்தனியாகத் தெரிந்தாலும் மூன்றும் ஒரே கணக்கில் அடங்குபவை. விசேஷம் மாறினால் தேதி மாறும். பெட்டிக்குள் ஒரு பலகாரம் மாறினாலும் தேதி மாறும். அதை ஒரு பெட்டியை வைத்தே போட்டுப் பார்க்கலாம்.

மதுரையில் வீட்டிலேயே பலகாரம் செய்யும் ஒருவர், 2026 தீபாவளிக்குப் பெட்டி போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. பெட்டியில் அதிரசம், தேன்குழல், ரிப்பன் பக்கோடா, பொருள்விளங்கா உருண்டை என நான்கு வகை; ஒவ்வொன்றும் கால் கிலோ. சென்னைக்கும் கோவைக்கும் ஆர்டர் வருகிறது, டெல்லியிலிருந்தும் சிலர் கேட்கிறார்கள். அவர் அறிவிப்பில் எந்தத் தேதியைப் போட வேண்டும்?

விசேஷம் ஒன்று, நாள் மூன்று

“தீபாவளிக்கு முன்” என்று எழுதும்போது விற்பவர் மனதில் இருப்பது நவம்பர் 7, சனிக்கிழமை. பெறுகிறவருக்கு அந்த நாள் பெரும்பாலும் உதவாது.

சென்னையில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு தீபாவளி என்றால் வெள்ளிக்கிழமை மாலையே பெட்டி படுக்கையோடு ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். சனிக்கிழமை கூரியர்க்காரர் வந்து கதவைத் தட்டும்போது வீடு பூட்டியிருக்கும். பொட்டலம் கிடங்குக்குத் திரும்பி, செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ மறுபடி வரும். விற்பவர் சொன்ன நாளுக்கு அனுப்பியிருப்பார், கூரியரும் வந்திருப்பார், ஆனாலும் பரிசு தீபாவளிக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. ஆகவே நகரத்து முகவரிகளுக்கு இலக்கு நாள் நவம்பர் 5, வியாழன். ஊருக்குப் போகிறவர்களுக்கு அனுப்புவதென்றால் ஊர் முகவரியையே கேட்டு வாங்குவது இன்னும் நல்லது.

அலுவலகப் பரிசுக்குக் கணக்கு வேறு. ஊழியர்கள் கையில் பெட்டி சேர வேண்டியது கடைசி வேலை நாளான வெள்ளிக்கிழமை, நவம்பர் 6. ஆனால் 80 பெட்டிகள் அன்று காலை வந்து இறங்கினால் எண்ணிப் பார்த்து, பெயர் ஒட்டி, மாடிக்கு மாடி கொடுக்க நேரம் போதாது. புதன்கிழமைக்குள் வந்தாக வேண்டும். இத்தனை பெட்டிகள் ஒன்றாகப் போகும்போது கூரியரைவிட லாரி பார்சல் சர்வீஸ்தான் கட்டுப்படியாகும். பார்சல் சர்வீஸில் கிடங்குவரை மட்டும் வருவதா, வாசல்வரை வருவதா என்று முதலிலேயே பேசிவிட வேண்டும். பேசாவிட்டால் பெட்டிகள் கிடங்கில் கிடக்கும், அலுவலகத்தில் எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாவது, தலை தீபாவளி. புதுமாப்பிள்ளை மாமனார் வீட்டுக்கு வரும் தீபாவளி அது. பலகாரத்தோடு துணிமணி, தட்டு வரிசை என்று வீட்டார் அடுக்குவார்கள். இங்கே பெட்டி போக வேண்டியது பெண் வீட்டு முகவரிக்கு. தம்பதி குடியிருக்கும் நகரத்து வீட்டுக்கு அனுப்பினால் அங்கே ஆள் இருக்காது. அளவும் வேறு. கால் கிலோ கணக்கில் இல்லாமல், எண்ணிக்கையில் கேட்பார்கள்: அதிரசம் 51, முறுக்கு 101 என்று. அதனால் தலை தீபாவளி ஆர்டரைப் பொதுப் பெட்டியோடு சேர்க்காமல் தனி அறிவிப்பாகப் போடுவதே முறை.

ஆக, அறிவிப்பின் முதல் வரியில் “தீபாவளிப் பரிசு” என்று மட்டும் போடுவது போதாது. “வீடுகளுக்கு அனுப்பும் தீபாவளிப் பெட்டி, நவம்பர் 5-க்குள் சேர்ப்பது இலக்கு” என்று போட்டால் வாங்குகிறவர் தன் தேவையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார்.

பின்னாலிருந்து எண்ணுவது

இலக்கு நாள் தெரிந்ததும் கணக்கைக் கடைசியிலிருந்து தொடங்க வேண்டும். மதுரையிலிருந்து சென்னைக்குச் சாதாரண நாளில் கூரியர் 2 வேலை நாளில் போய்விடுகிறது என்று கொள்வோம். தீபாவளி வாரத்தில் கிடங்குகள் நிரம்பி வழியும். வடகிழக்குப் பருவமழையும் அதே சமயம்தான். இன்னும் 2 நாள் கூட்டிக்கொள்வது நியாயம். மொத்தம் 4 வேலை நாள். நவம்பர் 1 ஞாயிறு; அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வியாழன், புதன், செவ்வாய், திங்கள் என்று நான்கு நாள் பின்னே போனால், பொட்டலம் கூரியர் கையில் ஏற வேண்டிய நாள் அக்டோபர் 31, சனிக்கிழமை.

பெட்டி கட்டுவதற்கு ஒரு நாள் வேண்டும்: அக்டோபர் 30, வெள்ளி. சுட்ட பலகாரம் அன்றே பெட்டிக்குள் போகக் கூடாது, முழுக்க ஆற வேண்டும். ஆகவே அடுப்பு வேலை வியாழன், 29-ம் தேதிக்குள் முடிய வேண்டும்.

அதிரசத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பச்சரிசியை ஊறவைத்து, ஈரம் முழுக்கக் காயாமல் இடித்தோ அரைத்தோ சலித்து, வெல்லப் பாகில் கிளறி வைத்த மாவு இரண்டு மூன்று நாளாவது ஊறினால்தான் அதிரசம் அதிரசமாக வரும். உடனே தட்டிப் போட்டால் எண்ணெயில் பிரிந்துபோகும், இல்லாவிட்டால் கடினமாகிவிடும். 29-ம் தேதி சுட வேண்டுமென்றால் திங்கள், 26-ம் தேதி பாகு கிளறியாக வேண்டும். அன்றைக்கு எத்தனை கிலோ அரிசி ஊறவைப்பது என்று தெரிய வேண்டும். அதற்கு முதல் நாள், ஞாயிறு முழுக்க, பணம் வந்ததா, முகவரி சரியா, போன் எண் பத்து இலக்கம் இருக்கிறதா என்று சரிபார்க்கத் தேவைப்படும். ஆகவே ஆர்டர் மூட வேண்டிய நாள் அக்டோபர் 24, சனிக்கிழமை மாலை 6 மணி.

தீபாவளிக்கு 15 நாள் முன்பு! “இவ்வளவு சீக்கிரமா?” என்று வாங்குகிறவர் கேட்பார். அதைவிடப் பெரிய சிக்கல், அன்றைக்குப் பலர் கையில் பணம் இருக்காது. மாதச் சம்பளம் அக்டோபர் கடைசியில்தான் வரும். கடைசி நாள் அதற்கு ஒரு வாரம் முன்பே முடிந்துவிடுகிறது. தீபாவளி மாதத்தின் முதல் வாரத்தில் வரும் ஆண்டுகளில் எல்லாம் இந்த நெருக்கடி உண்டு. இதற்கு வழி, கால்வாசித் தொகையை முன்பணமாக வாங்கிப் பெட்டியைப் பதிந்துவிட்டு, மீதியைப் பொட்டலம் அனுப்பும் நாளில் வாங்குவது. சம்பளம் 30-ம் தேதி வந்தாலும் 31-ம் தேதிப் பொட்டலம் தவறாது.

கடைசி நாளைச் சற்றே பின்னுக்குத் தள்ளவும் வழி உண்டு. பாகு சரியாக வந்த அதிரச மாவு, ஈரம் படாமல் மூடிவைத்தால் நாள்பட நிற்கும். பழைய வீடுகளில் மாவைக் கிளறி வைத்துக்கொண்டு வேண்டும்போது எடுத்துச் சுடுவார்கள். போன வருஷம் எத்தனை பெட்டி போயிற்று என்ற குறிப்பு கையில் இருந்தால், அதை வைத்து முன்கூட்டியே மாவு தயார் செய்துவிடலாம். அப்போது அதிரசம் தேதியைப் பிடித்து இழுக்காது, ஆர்டரை 27-ம் தேதி வரை திறந்து வைக்கலாம்.

அதன் பிறகு தடையாவது கை வேலை. 150 பெட்டி என்றால் தேன்குழல் மட்டும் 37 கிலோவுக்கு மேல். ஒரு அடுப்பில் இரண்டு பேர் ஒரு நாளைக்குச் சுமார் 12 கிலோ பிழிந்து எடுப்பார்கள் என்றால் அதற்கே மூன்று நாள் முழுசாய்ப் போய்விடும். பக்கோடாவுக்கு வேறு அடுப்பும் வேறு ஆளும் வேண்டும். ஆகவே கடைசி நாள் என்பது தேதி மட்டும் இல்லை, எண்ணிக்கையும்தான். “அக்டோபர் 24 மாலை 6 மணி வரை, அல்லது 150 பெட்டி முடியும் வரை, எது முதலில் வந்தாலும்” என்று இரண்டையும் எழுத வேண்டும். எண்ணிக்கையை எழுதாமல் விட்டுக் கடைசி நாளில் 60 ஆர்டர் குவிந்தால், ஆறாத முறுக்கைப் பெட்டிக்குள் போடும் நிலை வந்துவிடும்.

டெல்லிக்குப் போகும் பெட்டி

டெல்லிக்கு அதே கூரியர் சாதாரண நாளில் 5 வேலை நாள், பண்டிகைக்கு 3 நாள் கூடுதல் என்று வைத்தால் மொத்தம் 8. நவம்பர் 5-லிருந்து பின்னே எண்ணினால் பொட்டலம் ஏற வேண்டிய நாள் அக்டோபர் 27, செவ்வாய். அதே வரிசையில் பின்னே போனால் அதிரசம் சுடுவது 25-ம் தேதி, பாகு கிளறுவது 22, ஆர்டர் மூடுவது அக்டோபர் 20. அது விஜயதசமி நாள். சரஸ்வதி பூஜைக் கொலு இன்னும் எடுக்காத வீட்டில் யாரும் தீபாவளிப் பரிசைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. 25-ம் தேதி சுட்ட அதிரசத்துக்குத் தீபாவளியன்று வயது 14 நாள். நன்றாகச் சுட்டு எண்ணெய் பிழிந்த அதிரசம் பத்து நாள் நிற்கும் என்று தைரியமாகச் சொல்லலாம். அதற்கு மேல் போனால் வெல்லத்தின் ஈரம் பூஞ்சையை வரவழைக்கும் அபாயம் கூடிக்கொண்டே போகும்.

இரண்டு தொல்லைக்கும் தீர்வு ஒன்றே: டெல்லிப் பெட்டியில் அதிரசத்தை எடுத்துவிட்டுக் கடலை மிட்டாய் வைப்பது. மாவு ஊற வேண்டிய மூன்று நாள் மிச்சம். ஆர்டர் மூடும் நாள் 20-லிருந்து 23-க்கு நகர்கிறது. பாகு இறுகிய கடலை மிட்டாய் ஈரம் படாவிட்டால் வாரக்கணக்கில் நிற்கும். ஒரு பலகாரத்தை மாற்றினால் காலண்டர் மாறுகிறது. அதனால்தான் தேதியைக் குறிப்பதற்கு முன் பெட்டிக்குள் என்ன என்பதை முடிவு செய்ய வேண்டும்.

எந்தப் பலகாரம் தூரம் தாங்கும் என்பது அதில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பால்கோவா, பேடா போன்றவை உள்ளூருக்கு மட்டும் சரி. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல், கோவா சேர்ந்த இனிப்புகளுக்கு 4 நாள்தான் கணக்கிடுகிறது. மைசூர்பாகு அதைவிட நிற்கும் என்றாலும், வெயிலில் லாரியில் போகும்போது நெய் கசிந்து பெட்டியை நனைத்துவிடும். முறுக்கு, பக்கோடா, வறுத்த தானிய மாவில் பிடிக்கும் பொருள்விளங்கா உருண்டை ஆகியவை நெடுந்தூரத்துக்கு ஏற்றவை. இவற்றுக்கு எதிரி எண்ணெயின் சிக்கு வாடை. பலமுறை காய்ந்த எண்ணெயில் சுட்ட முறுக்கு பார்க்க நன்றாகவே இருக்கும். பத்தாம் நாள் பொட்டலத்தைப் பிரிக்கும்போது வாடை முகத்தில் அடிக்கும். அதனால் விற்பவர் ஒரு மாதிரிப் பொட்டலத்தை இரண்டு வாரம் முன்பே கட்டி வீட்டில் வைத்துவிட்டு, பத்தாம் நாளும் பதினைந்தாம் நாளும் பிரித்து மோந்து பார்த்த பிறகே “இத்தனை நாளுக்குள் சாப்பிடவும்” என்று எழுத வேண்டும்.

எனவே ஒரே அறிவிப்பில் மூன்று தேதி வரும்: தமிழ்நாட்டுக்கு ஒன்று, வெளிமாநிலத்துக்கு ஒன்று, மதுரையில் நேரில் வந்து வாங்குவோருக்கு ஒன்று. நேரில் வாங்குவோருக்கு நவம்பர் 4 வரைகூட ஆர்டர் எடுக்கலாம், மைசூர்பாகும் சேர்த்துக்கொள்ளலாம். வெளிநாட்டுக்கு இதே அறிவிப்பில் இடம் கொடுக்காமல் இருப்பது நல்லது. பால் சேர்ந்த உணவைப் பல நாடுகள் சுங்கத்திலேயே நிறுத்திவிடும். விதிகளும் நடுவில் மாறும்: 2025-ல் அமெரிக்கா சிறு பொட்டலங்களுக்கான வரிச் சலுகையை நீக்கியதால் நம் அஞ்சல் துறை ஆகஸ்ட் கடைசியில் அந்த நாட்டுக்குப் பார்சல் எடுப்பதை நிறுத்திவைத்தது. மறுபடி எடுக்கத் தொடங்கியது அக்டோபர் 15-ம் தேதி, தீபாவளிக்கு ஐந்தே நாள் முன்பு.

பெட்டிக்குள் பெட்டி

“அழகான பேக்கிங்” என்ற சொல்லுக்குப் பின்னால் இரண்டு வெவ்வேறு பெட்டிகள் இருக்கின்றன. ஒன்று, பெறுகிறவர் கையில் எடுத்து ரசிக்கும் பரிசுப் பெட்டி. இன்னொன்று, கிடங்கில் எறியப்பட்டு, மற்ற மூட்டைகளின் அடியில் நசுங்கி வரும் வெளி அட்டைப்பெட்டி. பலர் செய்யும் தவறு, பரிசுப் பெட்டியின் மேலேயே முகவரியை ஒட்டி அனுப்புவது. வந்து சேரும்போது அதன் ரிப்பன் அழுக்காகி, மூலை மடங்கியிருக்கும். பரிசு கொடுத்தவருக்குத்தான் அவமானம்.

உள்ளிருந்து தொடங்குவோம். தேன்குழலையும் பக்கோடாவையும் காற்றுப் புகாத கவரில் போட்டு, சூடு வைத்து ஒட்ட வேண்டும். வெதுவெதுப்போடு ஒட்டினால் உள்ளே ஆவி நீராகி, மறுநாளே நமுத்துப்போகும். அதிரசத்தை அடுக்கும்போது ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் பட்டர் பேப்பர் வைக்க வேண்டும். எண்ணெய் மேலேறாது, ஒன்றோடொன்று ஒட்டாது. முறுக்கு உடையக் காரணம் பெரும்பாலும் உள்ளே இருக்கும் இடைவெளிதான். டப்பாவை ஆட்டிப் பார்த்தால் கடகடவென்று சத்தம் வரக் கூடாது. வந்தால் டப்பா பெரிது. சின்ன டப்பாவுக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் காகிதம் கசக்கி இடத்தை நிரப்ப வேண்டும்.

பரிசுப் பெட்டிக்கும் வெளி அட்டைப்பெட்டிக்கும் நடுவில் எல்லாப் பக்கமும் இரண்டு மூன்று செ.மீ. விட்டு அதைக் காகிதத்தால் நிரப்பினால் இடி உள்ளே இறங்காது. மழைக்காலம் என்பதால் வெளிப்பெட்டிக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் உறையும் வேண்டும். நனைந்த அட்டை பாதிப் பலத்தை இழந்துவிடும். முதல் பெட்டியைக் கட்டி முடித்ததும் இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போட்டுப் பாருங்கள்: ஒரு முறை மூலை படும்படி, ஒரு முறை விளிம்பு படும்படி, ஒரு முறை அடிப்பக்கம் படும்படி. பிறகு பிரித்து எத்தனை முறுக்கு உடைந்தது என்று எண்ணுங்கள். கூரியர் கிடங்கில் நடக்கப்போவது இதுதான்.

ஆனால் பெட்டியைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் கூலி கையைக் கடிக்கும். பல கூரியர் நிறுவனங்கள் எடையோடு கொள்ளளவையும் பார்க்கின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து, வருவதைக் கிலோவாக எடுத்துக்கொள்வார்கள். நிஜ எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்குக் காசு. நம் பெட்டியில் பலகாரம் 1 கிலோ, அட்டை முதலானவை 400 கிராம்; நிஜ எடை 1.4 கிலோ. வெளிப்பெட்டி 32 × 26 × 14 என்றால் கணக்கு 2.3 கிலோவைத் தாண்டுகிறது. ஒரு கிலோ காற்றுக்குக் கூலி கட்டுகிறோம். அதையே 28 × 22 × 10 என்று இறுக்கினால் 1.2 கிலோதான் வருகிறது, நிஜ எடைக்கு மட்டும் கொடுத்தால் போதும். 150 பெட்டிக்கு இந்த வித்தியாசம் சின்னத் தொகை இல்லை.

பெட்டிக்குள் வைக்கக் கூடாத ஒன்றும் உண்டு. “தீபாவளி” என்ற சொல்லோடு மத்தாப்பும் சங்குசக்கரமும் தானாகவே வந்துவிடும். நான்கு கம்பி மத்தாப்பு வைத்தால் குழந்தைகளுக்குச் சந்தோஷம் என்று தோன்றும். பட்டாசைத் தபாலிலோ கூரியரிலோ அனுப்ப முடியாது; ஆன்லைன் தளங்கள் பட்டாசு விற்பதை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை செய்தது. தீப்பெட்டிக்கும் இதே கதி. அகல் விளக்கும் திரியும் வைக்கலாம். எண்ணெய் பாட்டில் வேண்டாம், கசிந்தால் முழுப் பெட்டியும் போச்சு. தீபாவளி லேகியம் வைப்பதானால் திருகு மூடி டப்பாவில் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, தனிக் கவரில் வைக்க வேண்டும்.

கொடுப்பவர், பெறுபவர், பில்

பரிசு என்றாலே பணம் கட்டுபவர் ஒருவர், வாங்கிக்கொள்பவர் இன்னொருவர். சாதாரண விற்பனையில் வராத சில கேள்விகள் இங்கே வரும். பில்லை எங்கே வைப்பது? பெட்டிக்குள் வைக்காமல், பணம் கட்டியவரின் வாட்ஸ்அப்புக்கோ மின்னஞ்சலுக்கோ அனுப்பிவிட வேண்டும். அதற்காக “விலை எங்கும் தெரியாது” என்று அறிவிப்பில் எழுதிவிடக் கூடாது. பொட்டலமிட்ட பொருளின் மேல் அதிகபட்ச விலை, நிகர எடை, தயாரித்தவர் பெயர் முகவரி, தயாரித்த நாள் ஆகியவை இருக்க வேண்டும் என்பது சட்டம். உணவுப் பொருளுக்கு, ஆணையத்தின் 14 இலக்கப் பதிவு எண்ணும் வேண்டும். வீட்டில் செய்தாலும் இதற்கு விலக்கில்லை. “பெட்டிக்குள் பில் வைக்க மாட்டோம்” என்பதுவரை சொல்லலாம்.

எடையிலும் கவனம் வேண்டும். “ஒரு கிலோ பெட்டி” என்றால் பலகாரம் மட்டும் ஒரு கிலோவா, டப்பாவும் சேர்ந்தா? நான்கு வகையையும் தனித்தனி கிராமோடு எழுதிவிட்டால் சந்தேகமே வராது. அதிரசத்துக்குக் கிராமோடு எண்ணிக்கையும் சேர்த்தால் இன்னும் தெளிவு.

போன் எண் யாருடையது என்பது இன்னொரு கேள்வி. பெறுகிறவர் எண்ணைக் கொடுத்தால் கூரியர்க்காரர் முதலில் அவரைத்தான் அழைப்பார். திடீர்ப் பரிசு என்ற சந்தோஷம் போய்விடும். கொடுப்பவர் எண்ணைக் கொடுத்தால் ஓடிபி அவருக்கு வரும். அந்த நேரம் அவர் கூட்டத்தில் இருந்தால் பொட்டலம் திரும்பிவிடும். பண்டிகை வாரத்தில் ரகசியத்தைவிடப் போய்ச் சேர்வதே முக்கியம் என்பதால் பெறுகிறவர் எண்ணைக் கட்டாயமாகவும், கொடுப்பவர் எண்ணைக் கூடுதலாகவும் கேட்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். வாழ்த்து அட்டையில் யார் பெயர் வர வேண்டும் என்பதையும் ஆர்டரின்போதே எழுதி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் “இது யார் அனுப்பினது?” என்று ஒரு வீடு முழுக்கப் போன் போட்டு விசாரிக்கும்.

எழுதினால் அது வாக்கு

மேலே போட்ட கணக்கையெல்லாம் சேர்த்தால் மதுரைக்காரரின் அறிவிப்பு இப்படி வரும்:

“தீபாவளிப் பலகாரப் பெட்டி (தீபாவளி: 8.11.2026, ஞாயிறு). வீட்டு முகவரிகளுக்கு அனுப்ப. அதிரசம், தேன்குழல், ரிப்பன் பக்கோடா, பொருள்விளங்கா உருண்டை: ஒவ்வொன்றும் 250 கிராம், நிகர எடை 1 கிலோ. வெளிமாநிலப் பெட்டியில் அதிரசத்துக்குப் பதில் கடலை மிட்டாய். பரிசுப் பெட்டி, உங்கள் பெயரோடு வாழ்த்து அட்டை, மேலே தனி அட்டைப்பெட்டி. பில் உள்ளே வராது. கடைசி நாள்: வெளிமாநிலம் அக்டோபர் 23, தமிழ்நாடு அக்டோபர் 24, மதுரையில் நேரில் நவம்பர் 4, மூன்றும் மாலை 6 மணி. மொத்தம் 150 பெட்டி மட்டும். முன்பணமும் முழு முகவரியும் வந்தால்தான் ஆர்டர் உறுதி. நவம்பர் 5-க்குள் சேர்ப்போம். அதிரசத்தை நவம்பர் 8-க்குள்ளும் மற்றவற்றை 15-க்குள்ளும் சாப்பிடவும். அலுவலக ஆர்டருக்கும் தலை தீபாவளிச் சீருக்கும் தனியே பேசவும்.”

நீளமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைப் படித்தவர் போன் போட்டுக் கேட்க வேண்டியது எதுவும் இல்லை.

“நவம்பர் 5-க்குள் சேர்ப்போம்” என்ற வரியை யோசித்து எழுத வேண்டும். 2020-ல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, ஆன்லைன் தளத்தின் வழியாக விற்பவர், சொன்ன நாளுக்குப் பிந்திச் சேர்ந்த பொருளைத் திரும்ப எடுக்க மறுக்க முடியாது. வெள்ளம் புயல் போல யார் கையிலும் இல்லாத காரணத்தால் பிந்தியிருந்தால் மட்டும் விலக்கு. கூரியர் தாமதம் செய்தது என்பது விற்பவருக்கும் கூரியருக்கும் இடையிலான வழக்கு, வாங்கியவருக்கு அதில் பங்கில்லை. ஆகவே பெட்டி திரும்பினால் என்ன செய்வோம், பணமா, மறுபடி அனுப்புவதா என்பதையும் ஒரு வரி எழுதிவிடுவது நல்லது.

வாங்குகிறவர் பக்கமிருந்து பார்த்தால், அறிவிப்பைச் சோதிக்கச் சுலபமான வழி இருக்கிறது. கடைசி நாள் எல்லா ஊருக்கும் ஒன்றாகவே இருந்தால் கணக்குப் போடாமல் எழுதியிருக்கிறார்கள். “வீட்டுத் தயாரிப்பு, அதிரசமும் உண்டு” என்று சொல்லிவிட்டு, வெளியூருக்குத் தீபாவளிக்கு நான்கு நாள் முன்புவரை ஆர்டர் எடுக்கிறார்கள் என்றால் இரண்டில் ஒன்று: முன்பே செய்து அடுக்கி வைத்திருக்கிறார்கள், அல்லது பெட்டி தீபாவளிக்குப் பிறகுதான் வரும். தயாரித்த நாள் என்ன என்று ஒரு கேள்வி கேட்டால் எதுவென்று தெரிந்துவிடும்.

தேதி முடிந்த பிறகும் ஆர்டர் வரும். சம்பளம் வந்த மறுநாள் அதிகமாகவே வரும். அப்போது அறிவிப்பை எடுத்துவிட வேண்டாம், மாற்றி எழுதினால் போதும். “வெளியூர் ஆர்டர் முடிந்தது. மதுரையில் நேரில் மட்டும். வெளியூருக்கு இப்போது சொன்னால் நவம்பர் 12-க்குப் பிறகு சேரும்” என்று போடலாம். அதைப் படித்தும் சிலர் ஆர்டர் கொடுப்பார்கள். தீபாவளி முடிந்த வாரத்தில் உறவுக்காரர் வீட்டுக்கு ஒரு பெட்டி போனால் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை, எப்போது வரும் என்று முன்கூட்டித் தெரிந்திருந்தால்.